மொய்ப் பணத்தை வங்கியில் கட்டும்போது கேட்கப்படும் அந்தக் கடிதம்

கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் ஒரு பை நிறையப் பணம் இருக்கும். மொய் நோட்டில் கூட்டிப் பார்த்தால் ஏழு லட்சம், எட்டு லட்சம் என்று வரும். அதோடு செலவுக்காக எடுத்து வைத்ததில் மிச்சம், வெள்ளாமை விற்ற காசு எல்லாம் சேர்ந்திருக்கும். அதை வங்கியில் கட்டப் போனால் கவுன்டரில் இருப்பவர் எண்ணி வாங்கிக்கொள்வார். சில நாள் கழித்து கிளையிலிருந்து போன் வரும்: "அண்ணே, அந்தப் பணம் எப்படி வந்துச்சுன்னு ஒரு லெட்டர் எழுதி, ஆதாரத்தோட கொடுத்துடுங்க."

பெரும்பாலோர் அந்தக் கடிதத்தை வங்கியின் வாசலில் நின்றபடியே, நான்கு வரியில், "எனது சேமிப்பு மற்றும் குடும்ப வருமானம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. அதுதான் சிக்கல்.

முதலில் வங்கி ஏன் கேட்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். கணக்கு தொடங்கும்போது தொழில் என்ன, ஆண்டு வருமானம் எவ்வளவு என்று ஒரு படிவத்தில் எழுதியிருப்பீர்கள். விவசாயம், இரண்டு லட்சம் என்று எழுதிய கணக்கில் ஒரே நாளில் பதினோரு லட்சம் ரொக்கம் விழுந்தால் வங்கியின் கணினி அதைத் தனியாக எடுத்துக் காட்டும். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002, அதன் கீழ் வந்த விதிகள், ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதல் எல்லாமே, வாடிக்கையாளரின் நடவடிக்கை அவரைப் பற்றித் தெரிந்த விவரத்தோடு பொருந்துகிறதா என்று வங்கி தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கின்றன. மேலாளர் உங்களைச் சந்தேகப்பட்டுத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் அந்த எச்சரிக்கைக்கு எதிரே ஒரு காரணத்தை எழுதி, ஒரு காகிதத்தைக் கோப்பில் சேர்த்து, அதை முடித்துவைக்க வேண்டும். உங்கள் கடிதம்தான் அந்தக் காகிதம்.

இதற்கு வெளியே, நீங்கள் கடிதம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நடக்கிற இரண்டு விஷயங்கள் உண்டு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்க நடவடிக்கையை வங்கி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவிக்கும். ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் கட்டிய ரொக்கம் மொத்தம் 10 லட்சத்தைத் தொட்டால் அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குப் போகும். உங்கள் பான் எண்ணின் கீழ் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும். இவை இரண்டும் குற்றச்சாட்டு அல்ல, வழக்கமான அறிக்கைகள். சந்தேக நடவடிக்கை என்று தனியாக அனுப்பும் அறிக்கைதான் வேறு வகை. அதை அனுப்பினால் உங்களிடம் சொல்லக் கூடாது என்பது வங்கி ஊழியருக்குச் சட்டம் போட்ட கட்டுப்பாடு. ஆகவே "ரிப்போர்ட் போட்டீங்களா சார்?" என்று கேட்டுப் பயனில்லை.

இந்த 10 லட்சக் கதை ஊரில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். அதனால் ஒரு யோசனை கட்டாயம் வரும்: இன்றைக்கு ஒன்பதே முக்கால் கட்டு, மீதியை அடுத்த வாரம் கட்டு. அல்லது பான் எண் கேட்காதபடி தினமும் 49,000 கட்டு. ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு ரொக்க நடவடிக்கைகள் ஒரே மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டினால் அவற்றையும் சேர்த்தே தெரிவிக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நிதியாண்டுக் கூட்டுத்தொகை எப்படிப் பிரித்தாலும் மாறப் போவதில்லை. பிரித்துக் கட்டியதால் புதிதாக ஏற்படுவது ஒன்றே ஒன்றுதான்: நேர்மையாக வந்த பணத்துக்கு மறைக்கப் பார்த்தவரின் தோற்றம். மொய்ப் பணம் என்றால் மொத்தமாக ஒரே நாளில் கட்டுவதுதான் நல்லது. கல்யாணத் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைவெளி குறைவாக இருப்பதே பாதி ஆதாரம்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆலங்குடிப் பக்கம் ஒரு விவசாயி. கிணற்றுப் பாசனத்தில் ஐந்து ஏக்கர் நிலக்கடலை. மகள் திருமணம் 2025 செப்டம்பர் 4. பணம் கட்டியது செப்டம்பர் 8. கட்டிய தொகை 11,45,000 ரூபாய்.

இந்தப் பணம் மூன்று வழியில் வந்தது. மொய் ஒன்று. கல்யாணச் செலவுக்கு அதே கணக்கிலிருந்து எடுத்ததில் மிஞ்சியது ஒன்று. கடலை விற்ற பணம் ஒன்று. கடிதத்தில் இந்த மூன்றும் தனித்தனித் தொகையாக வர வேண்டும். கூட்டினால் 11,45,000 சரியாக வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து எழுதும்போதுதான் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் தலைகாட்டும்.

மொய் நோட்டில் கடைசிப் பக்கக் கூட்டுத்தொகை 8,32,911 என்று இருக்கிறது. ஆனால் பையில் அவ்வளவு இல்லை. ஏனென்றால் சிலர் க்யூஆர் அட்டையில் செல்போன் மூலம் அனுப்பிவிட்டு நோட்டில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறார்கள். அப்படி வந்தது 46,500. அது ஏற்கெனவே வங்கிக் கணக்கில் இருக்கிறது. அதைக் கழித்தால் ரொக்கம் 7,86,411. இதில் நாணயமும் சில்லறையுமாக 1,411 வீட்டில் வைத்துக்கொண்டு 7,85,000 கட்டினார்கள். கடிதத்தில் இந்தக் கழித்தலை ஒரு வரியில் சொல்லாவிட்டால், நோட்டின் நகலைப் பார்க்கிறவருக்கு நோட்டில் ஒன்று, கடிதத்தில் ஒன்று என்று தோன்றும். சொல்லிவிட்டால் அதே வித்தியாசம் உங்களுக்கு ஆதரவாக மாறிவிடும். சோடித்த கணக்கில் இப்படிப்பட்ட உதிரி எண்கள் வராது. 501, 1,001 என்று எழுதுகிற ஊரில் மொய் முழு லட்சமாக வந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டாவது, எடுத்த பணம். ஆகஸ்ட் 18 அன்று காசோலை மூலம் 4,00,000 எடுத்தார். அதில் சமையல்காரர், பந்தல், பூ, மேளம் என்று ரொக்கமாகக் கொடுத்தது 2,25,000. மீதி 1,75,000. மூன்றிலும் எளிதில் நிற்கக்கூடியது இதுதான். எடுத்த தேதி வங்கியின் பதிவிலேயே இருக்கிறது, திரும்பக் கட்டியதற்கும் மூன்று வாரம்தான் இடைவெளி. ஆனால் பலர் முழு நான்கு லட்சத்தையும் திரும்பக் கட்டியதாக எழுதிவிடுவார்கள். எடுத்தது நான்கு லட்சம் என்றால், கல்யாணத்தில் ரொக்கச் செலவே இல்லையா என்ற கேள்வி உடனே எழும். செலவு போக மிச்சம் என்று எழுதுவதுதான் நம்பத்தக்கது, உண்மையும் அதுதான்.

மூன்றாவது, கடலை. ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 9 வரை நான்கு தடவையாக விற்றது: 72,000, 68,500, 81,000, 58,500. ஆக மொத்தம் 2,80,000. அப்படியே முழுவதையும் கடிதத்தில் போட்டுவிடலாம் என்றுதான் கை போகும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே யாரும் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக உண்டு. அதனாலேயே வரித் துறையில் விவசாய வருமானம் என்ற சொல்லைப் பார்த்தால் கால்குலேட்டரை எடுப்பார்கள். ஐந்து ஏக்கரில் எவ்வளவு மூட்டை வரும், அன்றைய சந்தை விலை என்ன, பெருக்கினால் பொருந்துகிறதா? கிணற்றுப் பாசனத்தில் ஏக்கருக்குச் சுமார் 900 கிலோ காய் என்று வைத்தால் 4,500 கிலோ. கிலோ 62 ரூபாய் சுமாருக்கு விற்றால் 2,80,000 வருகிறது. சரி, பொருந்துகிறது. ஒரு ஏக்கர் பட்டாவை இணைத்துவிட்டு இதே தொகையைச் சொல்லியிருந்தால் அந்தப் பட்டாவே எதிர்ச் சாட்சியாகியிருக்கும்.

அடுத்த கேள்வி: விதை, உழவு, களை, பறிப்புக் கூலி எல்லாம் எங்கே? விற்ற தொகையிலிருந்து பறிப்புக் கூலிக்கும் விதைக்கடைப் பாக்கிக்கும் 95,000 கொடுத்தார். மிச்சம் 1,85,000. கடிதத்தில் வர வேண்டியது அந்த 1,85,000. இப்போது 7,85,000, 1,75,000, 1,85,000 மூன்றையும் கூட்டினால் 11,45,000.

கடலை விற்பனை நான்கு தடவையாக நடந்தது இங்கே தற்செயலாக நல்லதாகப் போயிற்று. 2017 ஏப்ரல் 1 முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே கொடுக்கல் வாங்கலிலோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. விளைபொருளை 2 லட்சத்துக்குக் குறைவாக வியாபாரியிடம் ரொக்கத்துக்கு விற்கும் விவசாயிக்கு இந்தத் தடை பொருந்தாது, அவர் பான் எண் கொடுக்கவும் தேவையில்லை என்று நேரடி வரிகள் வாரியம் 2017 நவம்பரில் ஒரு சுற்றறிக்கையே விட்டது. இந்த வரம்பு மொய்யிலும் ஒரு நிகழ்ச்சிக்கு, ஒருவருக்கு என்று பொருந்தும். அறுநூறு பேர் சேர்ந்து எட்டு லட்சம் கொடுத்தால் தவறில்லை. ஒரே ஆள் இரண்டு லட்சத்தை ரொக்கமாகத் தட்டில் வைத்தால் தவறு. சீர் கொண்டுவரும் சம்பந்திகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி, பெரிய தொகையைக் கணக்கில் போடச் சொல்வது நல்லது.

இப்போது கடிதத்தின் நடுவே இருக்கும் கடினமான இடத்துக்கு வருவோம். மொய்யை என்னவென்று எழுதுவது?

திருமணத்தை ஒட்டி வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை என்பது சரி. ஆனால் சட்டத்தின் வாசகம் அந்த விலக்கை மணம் செய்துகொள்பவருக்குத் தருகிறது. பெண்ணின் அப்பாவுக்கு என்று அதில் இல்லை. மொய் நோட்டின் முதல் பக்கத்திலோ அப்பா பெயர்தான் இருக்கும். பணம் கட்டியதும் அப்பாவின் கணக்கில். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000ஐத் தாண்டினால் முழுவதும் வருமானமாகக் கருதப்படும் என்பது பொது விதி. உறவினர் யார் என்பதற்கும் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. பெண்ணின் தாய்மாமன் அதில் இருக்கிறார்; பெண்ணுக்கு அவர் தாயின் சகோதரர், அப்பாவுக்கு மனைவியின் சகோதரர், இரண்டு வழியிலும் உறவினர். ஆனால் சித்தப்பா மகனும் அத்தை மகனும் அதில் இல்லை. நம் ஊர்க் கணக்கில் அவர்கள் பங்காளியும் முறைகாரரும். வரிச் சட்டத்தின் கணக்கில் வெளியார்.

அப்படியானால் மொய்யைக் கடன் என்று எழுதிவிடலாமா? நியாயப்படி பார்த்தால் மொய் திருப்பிச் செய்ய வேண்டியதுதான். பேராவூரணியிலோ வடகாட்டிலோ போய் மொய் வெறும் அன்பளிப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கடன் என்ற சொல்லுக்கும் சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் இங்கும் அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரி கட்டும் அளவு வேறு வருமானம் இல்லை என்றால் மட்டும் விலக்கு. தாய்மாமன் கொடுத்த 50,001 ரூபாயைக் கடன் என்று நாமே எழுதிக் கொடுத்தால், இல்லாத குற்றத்தை நாமே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாகிவிடும்.

என் கருத்தில் இதற்கு வழி எளிது. வங்கிக்குக் கொடுக்கும் கடிதம் நடந்ததை மட்டும் சொல்லட்டும். "இன்ன தேதியில் நடந்த என் மகள் திருமணத்தில் மொய்யாக வந்த ரொக்கம்" என்பது நடந்தது. அது அன்பளிப்பா, முன்பு செய்த மொய் திரும்பி வந்ததா, யாருடைய வருமானம் என்பதெல்லாம் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. வங்கி அதைக் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. அதேபோல் கடிதத்தில் சட்டப் பிரிவு எண்களைப் போட்டு மிரட்டவும் வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிக் கடிதங்களை நகலெடுப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

மணமேடையில் பெண்ணின் கையில் கொடுத்த கவர்கள் வேறு கதை. அது அவளுக்கு வந்த பணம். அதை அவளுடைய கணக்கிலேயே கட்டி, தேவைப்பட்டால் அவளே தனிக் கடிதம் கொடுப்பதுதான் சரி. அப்பாவின் பையில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்ட முடியாது.

இனி கடிதம். இந்தக் குடும்பத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> அனுப்புநர்: (பெயர், முகவரி, செல்போன் எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)
>
> நாள்: 15.09.2025
>
> பொருள்: சேமிப்புக் கணக்கு எண் (கடைசி நான்கு இலக்கம் ____) – 08.09.2025 அன்று செலுத்திய ரொக்கம் ரூ.11,45,000 – பணம் வந்த வழி – விளக்கம் அளித்தல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட கணக்கில் 08.09.2025 அன்று நான் ரொக்கமாகச் செலுத்திய ரூ.11,45,000 கீழ்க்கண்ட வகைகளில் வந்தது.
>
> 1. 04.09.2025 அன்று நடைபெற்ற என் மகளின் திருமணத்தில் மொய்யாக வந்த ரொக்கம் ரூ.7,85,000. மொய் நோட்டின்படி 611 பேரிடமிருந்து வந்த மொத்தத் தொகை ரூ.8,32,911. இதில் ரூ.46,500 செல்போன் வழியாக இதே கணக்கில் வரவாகியுள்ளது. மீதி ரூ.7,86,411 ரொக்கத்தில் ரூ.1,411 என் கைவசம் உள்ளது.
>
> 2. திருமணச் செலவுக்காக இதே கணக்கிலிருந்து 18.08.2025 அன்று காசோலை மூலம் எடுத்த ரூ.4,00,000இல், செலவு ரூ.2,25,000 போக மீதி ரூ.1,75,000.
>
> 3. எனக்குச் சொந்தமான 5 ஏக்கர் நிலத்தில் விளைந்த நிலக்கடலையை 20.06.2025 முதல் 09.08.2025 வரை நான்கு முறை விற்று வந்த ரூ.2,80,000இல், கூலி மற்றும் இடுபொருள் செலவு ரூ.95,000 போக மீதி ரூ.1,85,000. திருமணச் செலவுக்குத் தேவைப்படலாம் என்பதால் இத்தொகையை வீட்டில் ரொக்கமாக வைத்திருந்தேன்.
>
> ஆக மொத்தம் ரூ.11,45,000.
>
> இதற்கான ஆதாரங்களின் நகல்களை என் கையொப்பமிட்டு இணைத்துள்ளேன். மூல ஆவணங்கள் என்னிடம் உள்ளன. தேவைப்பட்டால் நேரில் காட்டத் தயாராக இருக்கிறேன். மேற்கண்ட விவரங்கள் நான் அறிந்தவரை உண்மை.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இணைப்புகள்:
> 1. திருமண அழைப்பிதழ், மண்டப ரசீது
> 2. மொய் நோட்டு நகல், பக்கம் 1 முதல் 24 வரை, பக்கவாரிக் கூட்டுத்தொகையுடன்
> 3. செல்போன் வழி வந்த மொய்க்கான கணக்கு அறிக்கை
> 4. 18.08.2025 பற்றுப் பதிவு உள்ள பாஸ்புக் பக்கம்
> 5. சமையல், பந்தல், பூ, மேளம் ரசீதுகள்
> 6. பட்டா, சிட்டா, நடப்புப் பருவ அடங்கல்
> 7. நிலக்கடலை விற்ற நான்கு சீட்டுகள்
> 8. கூலிப் பட்டியல், விதைக்கடை ரசீது
> 9. பான் அட்டை, ஆதார் நகல்

மூன்றாவது பத்தியின் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஜூனில் வந்த பணம் செப்டம்பர் வரை ஏன் வீட்டில் இருந்தது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் இரண்டு மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வீட்டில் வைத்திருந்தார் என்றால் அது நிச்சயம் கேட்கப்படும் கேள்வி. இரண்டு வருடம் கழித்து நினைவிலிருந்து சொல்லும் காரணத்தைவிட, அன்றே எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

இணைப்புகளில் அடங்கல்தான் பலர் விட்டுவிடும் காகிதம். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது, எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா என்று மட்டும் சொல்லும். அந்தப் பருவத்தில் அதில் என்ன பயிர் நின்றது என்று சொல்வது கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல். நிலம் இருக்கிறது, ஆனால் அடங்கலில் தரிசு என்று பதிவாகியிருக்கிறது என்றால் கடலைக் கதை அங்கேயே முடிந்துவிடும். விற்ற சீட்டுகளில் வியாபாரியின் பெயர், ஊர், தேதி, எடை, விலை இருக்க வேண்டும். துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுப்பது கிராமத்தில் வழக்கம். விற்கும் அன்றே முழுச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு போய் பழைய தேதியில் சீட்டு வாங்குவது வேறு விஷயம். அது சோடித்த ஆவணம், வியாபாரியின் கணக்கோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

மொய் நோட்டைப் பொறுத்தவரை, மூல நோட்டை ஒருபோதும் வங்கியில் விட்டு வராதீர்கள். வங்கிக்கு நகல் போதும். உங்களுக்கோ அடுத்த இருபது வருடத்துக்கு யார் வீட்டுக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். இப்போது கணினியில் மொய் எழுதி ரசீது தரும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த அச்சு வடிவம் கூட்டுவதற்கு வசதி, பெயர், ஊர், தொகை தெளிவாக இருக்கும். ஆனால் ஆதாரம் என்ற முறையில், நான்கு பேர் கையெழுத்தில் அவசரமாக எழுதிய நோட்டும் அதற்குக் குறைந்ததல்ல. முக்கியம் பெயரோடு ஊரும் இருப்பது. வரித் துறை ஒரு வரவைச் சோதிக்கும்போது மூன்றைக் கேட்கும்: கொடுத்தவர் யார், கொடுக்கும் வசதி அவருக்கு உண்டா, கொடுத்தது நிஜமா. ஆயிரம் ரூபாய் மொய்க்கு யாரும் வசதியைச் சோதிக்கப் போவதில்லை. ஆனால் "முருகன் – 1,000" என்று மட்டும் இருந்தால் எந்த முருகன் என்று உங்களாலேயே சொல்ல முடியாது. பெரிய தொகை கொடுத்த பத்துப் பதினைந்து பேரின் முகவரியையும் போன் எண்ணையும் தனியாக ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். அதை வங்கிக்குக் கொடுக்க வேண்டாம், அவர்கள் கேட்பதும் அபூர்வம்.

மொய் விருந்து வைப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தை ஒட்டிக் கறி விருந்து போட்டு மொய் வாங்குவது பழைய ஏற்பாடு. அங்கே தொகை லட்சத்திலிருந்து கோடி வரை போகும். பந்தலுக்குள்ளேயே பணம் எண்ணும் இயந்திரம் வைத்து எண்ணுவார்கள். அங்கே கல்யாணம் இல்லை, ஆகவே கல்யாண விலக்கும் இல்லை. வந்த பணத்தில் பெரும்பகுதி தான் முன்பு செய்த மொய்யின் திரும்புதல்தான் என்று காட்ட முடிந்தால்தான் நிலைமை தெளிவாகும். அதற்கு ஆதாரம் இந்த வருட நோட்டு அல்ல. கடந்த ஐந்து வருடத்தில் தான் எந்தெந்த விருந்தில் எவ்வளவு செய்தேன் என்ற நோட்டுதான். வாங்கிய நோட்டைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள், செய்த கணக்கைப் பெரும்பாலும் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதித் தொலைத்துவிடுகிறார்கள். விருந்து வைக்கும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிப் பழகுவது நல்லது. பணம் கட்டும் முன்பே ஆடிட்டரைப் பார்ப்பதும் அவசியம்.

கடிதம் எழுதும் நேரமும் முக்கியம். தொகையை வங்கிச் சீட்டைப் பார்த்த பிறகே எழுதுங்கள். அறுநூறு பேரிடம் வந்த பணத்தில் ஒன்றிரண்டு கள்ள நோட்டு இருந்துவிடலாம். வங்கி அதைத் திருப்பித் தராது, முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ஒப்புகை தரும். நான்கு தாள் வரை என்றால் மாதாந்திர அறிக்கையில் போலீசுக்குப் போகும். ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் வழக்கு பதிவாகும். அந்தத் தொகை உங்கள் வரவில் சேராது. வீட்டில் எண்ணிய எண்ணை வைத்துக் கடிதத்தை முன்கூட்டியே அச்சடித்து வைத்தால், வங்கிச் சீட்டில் 500 குறைந்து நிற்கும்.

கடிதத்தைத் தமிழில் கொடுக்கலாம். ஆனால் எச்சரிக்கைகளைப் பார்க்கும் குழு பல வங்கிகளில் மும்பையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும். ஆகவே அதே மூன்று வரிகளையும் கூட்டுத்தொகையையும் ஒரு சிறு ஆங்கிலத் தாளில் எழுதி மேலே வைத்துவிட்டால் கிளை ஊழியருக்கு மொழிபெயர்க்கும் வேலை மிச்சம், தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் குறைவு. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் கிளையின் முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

சில பேருக்கு உண்மையான பதிலே சங்கடமாக இருக்கும். நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கியிருப்பார்கள். சொத்து விற்பனை தொடர்பான பணத்தையும் முன்பணம் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது. அதை மொய் என்றோ விவசாயம் என்றோ மாற்றி எழுதச் சொல்லும் யோசனைகள் தாராளமாகக் கிடைக்கும். பெரிய தொகைக்கான பத்திரப் பதிவு விவரமும் அதே ஆண்டுத் தகவல் அறிக்கைக்குத்தான் வந்து சேர்கிறது. நிலம் விற்ற அதே மாதத்தில் மொய் வந்தது என்று எழுதிய கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். விளக்கம் இல்லாத பணம் என்று முடிவானால் வரி சாதாரண விகிதத்தில் வராது. பணமதிப்பிழப்பு நடந்த 2016ஆம் ஆண்டின் இறுதியில் அந்த விகிதம் 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தபோது 77 சதவீதத்தைத் தாண்டியது. இந்த நிலையில் இருப்பவர் கடிதம் எழுதும் முன்பு ஆடிட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். வங்கியிடம் சில நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை, பொதுவாகக் கொடுப்பார்கள்.

கொடுத்த கடிதத்தில் பிழை இருப்பது பின்னால் தெரிந்தால், உதாரணத்துக்கு மொய்யில் செல்போன் வழி வந்ததைக் கழிக்க மறந்திருந்தால், பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, எந்த எண் தவறு, சரியான எண் எது, ஏன் மாறியது என்று இரண்டு வரியில் திருத்தக் கடிதம் கொடுத்து அதற்கும் ஒப்புகை வாங்கினால் போதும். அடுத்த ஆண்டு வரித் துறையிலிருந்து பணம் கட்டியது பற்றிக் குறுஞ்செய்தி வந்தால், அங்கே இணையத்தில் கொடுக்கும் பதிலிலும் இதே மூன்று தொகைகள், இதே தேதிகள்தான் இருக்க வேண்டும். அதனால் முத்திரை வாங்கிய பிரதியை இணைப்புகளோடு சேர்த்துத் தைத்து, மொய் நோட்டு இருக்கும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.